கணக்கிலிருந்து தானாகக் கழிக்க அனுமதிக்கும் படிவத்தைக் கையெழுத்திடுமுன் சரிபார்ப்பது எப்படி?

சுன்னாகத்தில் இருக்கும் என் மச்சாள் கடந்த ஆண்டின் இறுதியில் லீசிங்கில் ஓட்டோ ஒன்று எடுக்க ஏற்பாடு செய்தபோது, மாதத் தவணையை அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகக் கழிப்பதற்கான படிவத்தை நிறுவனத்து உத்தியோகத்தர் வீட்டுக்கே கொண்டுவந்தார். "அக்கா, கையெழுத்தை மட்டும் வையுங்கோ, மிச்சத்தை நாங்கள் நிரப்பிக்கொள்ளுறம்" என்றார். சில பெட்டிகள் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தன, சில வெறுமையாக இருந்தன. அன்றிரவு நானும் மச்சாளும் அந்தத் தாளை ஒப்பந்தத்துக்கு அருகில் வைத்துப் பெட்டி பெட்டியாக ஒப்பிட்டுப் பார்த்தோம். அதே ஒழுங்கில் இங்கே விளக்குகிறேன்.

ஒப்பந்தத்தின்படி மாதத் தவணை 24,750 ரூபா. தவணைகள் 36. முதல் தவணை 2026 மார்ச் 10ஆம் திகதி. படிவத்தைத் திறக்குமுன் இந்த மூன்றையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படிவத்திலுள்ள ஒவ்வொரு பெட்டியும் இவற்றோடு பொருந்தவேண்டும்.

முதலில் படிவத்தின் தலைப்பு

ஸ்டாண்டிங் ஓடர் என்றால், குறித்த தொகையைக் குறித்த நாளில் அனுப்பும்படி நீங்கள் உங்கள் வங்கிக்குக் கட்டளையிடுகிறீர்கள். தொகையைத் தீர்மானிப்பவர் நீங்கள். நேரடிப் பற்று அனுமதி என்றால், நிறுவனம் கேட்கும் தொகையை உங்கள் கணக்கிலிருந்து கொடுக்கும்படி வங்கிக்கு அனுமதியளிக்கிறீர்கள். தொகையைக் கேட்பவர் மற்றவர். இரண்டும் ஒரே மேசையில் ஒரே பேனையால் நிரப்பப்படுவதால் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். மச்சாளின் கையில் இருந்தது இரண்டாவது வகை. உச்ச எல்லை என்ற பெட்டி இந்த வகையில்தான் உண்மையான காவல்.

தொகையும் இடைவெளியும்

இவ்விரண்டையும் தனித்தனியாகப் பார்க்கக்கூடாது. எல்லை என்பது ஒரு தடவையில் எடுக்கக்கூடிய அதிகூடிய தொகை. அது மாதத்துக்கான எல்லை அல்ல. எத்தனை தடவை எடுக்கலாம் என்பதை இடைவெளிப் பெட்டிதான் சொல்லுகிறது. மச்சாளின் படிவத்தில் உச்சத் தொகை 75,000 ரூபா என்றும், இடைவெளி "கேட்கும்போதெல்லாம்" என்றும் இருந்தது. அதாவது, ஒரே மாதத்தில் இரண்டு தடவையோ மூன்று தடவையோ 75,000 கேட்டாலும், கணக்கில் காசு இருந்தால் வங்கி அதைக் கொடுத்துவிடும், ஏனெனில் வங்கி பார்ப்பது நீங்கள் கையெழுத்திட்ட தாளை, லீசிங் ஒப்பந்தத்தை அல்ல.

உத்தியோகத்தரிடம் தொலைபேசியில் கேட்டபோது, தாமதக் கட்டணமும் வாகனக் காப்புறுதிக் கட்டணமும் வந்தால் சேர்த்து எடுப்பதற்காக எல்லையைக் கூட்டி எழுதுவது வழக்கம் என்று விளக்கினார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வசதி நிறுவனத்துக்கானது. காப்புறுதிக் கட்டணம் ஆண்டுக்கு ஒரு தடவை வருவது, அதை வேறாகச் செலுத்தலாம். ஆகவே, படிவத்தில் "நிலையான தொகை", "உச்சத் தொகை" என்று இரண்டு தெரிவுகள் இருந்து, தவணையும் மாறாததாக இருந்தால், நிலையான தொகையையே தெரிவு செய்து 24,750 என்று எழுதுவதுதான் என் ஆலோசனை. உச்சத் தொகைதான் வேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்தினால், 27,000 போன்ற சிறிய மேலதிகத்தோடு நிறுத்துங்கள். இடைவெளிப் பெட்டியில் "மாதாந்தம்" என்பதை மட்டும் அடையாளமிடுங்கள். அப்போது 36 மாதங்களிலும் போகக்கூடிய அதிகூடிய தொகை 972,000 ரூபா. ஒப்பந்தத்தின் மொத்தம் 891,000 ரூபா. இந்த வித்தியாசத்தை நீங்கள் தாங்க முடியுமா என்று கணக்குப் பார்த்துத் தீர்மானிக்கலாம். "கேட்கும்போதெல்லாம்" என்ற இடைவெளியோடு இப்படியொரு கணக்கைப் போடவே முடியாது.

எல்லையைத் தவணைக்குச் சரியாகவே எழுதினால், கேட்கப்படும் தொகை அதைத் தாண்டும் மாதத்தில் வங்கி எல்லை வரைக்கும் கொடுத்து மிச்சத்தை விடாது. முழுக் கோரிக்கையும் திரும்பிப் போகும். அதனால் ஒரு மாதம் தவணை தவறினால், தாமதக் கட்டணத்தை நீங்களே கருமபீடத்தில் செலுத்த நினைவு வைத்திருக்கவேண்டும்.

தொகையை எண்ணிலும் எழுத்திலும் நீங்களே எழுதுங்கள். வெறுமையான பெட்டிகளில் கோடு கீறி விடுங்கள்.

முடிவுத் திகதி

பலரும் தவறுவது இந்தப் பெட்டியில்தான். 2026 மார்ச் தொடங்கி 36 மாதம் என்றவுடன் கை தானாக 2029 மார்ச் 10 என்று எழுதிவிடும். நிறுவனத்து உத்தியோகத்தரும் அப்படித்தான் எழுதியிருந்தார். முதல் தவணை மார்ச்சிலேயே கழிவதால், 12ஆவது தவணை 2027 பெப்ரவரி, 24ஆவது 2028 பெப்ரவரி, 36ஆவது 2029 பெப்ரவரி. மார்ச் வரை விட்டால் 37ஆவது தவணைக்கும் அனுமதி இருக்கும்.

அப்படியானால் 2029 பெப்ரவரி 10 என்று எழுதலாமே என்று தோன்றும். நாட்காட்டியைப் பாருங்கள், அது சனிக்கிழமை. வங்கி இயங்காத சனி, ஞாயிறு, போயா நாட்களில் வரும் கழிவு பொதுவாக அடுத்த வேலை நாளுக்குத் தள்ளப்படும். இங்கே அது 12ஆம் திகதி, திங்கள். அன்று அனுமதி காலாவதியாகி இருப்பதால் கடைசித் தவணை திரும்பிப் போகலாம். ஆகவே, கடைசித் தவணை விழும் மாதத்தின் இறுதி நாளை, அதாவது 2029 பெப்ரவரி 28ஐ எழுதினோம். இடைவெளி "மாதாந்தம்" என்று இருப்பதால் அந்த மாதத்தில் இன்னொரு தவணையை எடுக்க வழியில்லை.

"இரத்துச் செய்யும் வரை" என்ற பெட்டி இருந்தால், முடிவுள்ள கடனுக்கு அதை அடையாளமிட வேண்டாம். மின்சாரக் கட்டணம் போல் முடிவில்லாத கொடுப்பனவுக்கு அது பொருந்தும். கழிக்கும் நாளைத் தெரிவு செய்ய விட்டால் 29, 30, 31ஐத் தவிருங்கள். சம்பளம் வந்து இரண்டு மூன்று நாள் கழித்து வரும் திகதி நல்லது.

கணக்கு விபரம்

கணக்கு இலக்கத்தை வங்கிப் புத்தகத்திலிருந்து எழுதுங்கள். ஏ.ரி.எம். அட்டையின் முன்பக்கத்திலுள்ள 16 இலக்கங்கள் அட்டையின் இலக்கம், கணக்கின் இலக்கம் அல்ல. எழுதியபின் ஒருவர் புத்தகத்தை வாசிக்க, மற்றவர் படிவத்தில் விரல் வைத்துப் பார்க்கவேண்டும். இப்படிப் பார்த்தபோதுதான் மச்சாளின் படிவத்தில் ஆறாவதும் ஏழாவதும் இலக்கங்கள் இடம் மாறியிருந்தது தெரிந்தது. இத்தகைய பிழையில் கோரிக்கை வங்கியில் நிராகரிக்கப்படும், தவணையோ நிலுவையாகிவிடும்.

அடுத்தது வங்கிக் குறியீடு: நான்கு இலக்கம். இலங்கை வங்கிக்கு 7010, மக்கள் வங்கிக்கு 7135. அதன்பின் மூன்று இலக்கக் கிளைக் குறியீடு. அது உங்கள் கணக்கு இருக்கும் கிளைக்கு உரியது, நீங்கள் வழமையாகக் காசு எடுக்கும் கிளைக்கு அல்ல.

பெயர் வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே முதலெழுத்துகளோடு இருக்கவேண்டும். கையெழுத்து, கணக்குத் திறந்தபோது வைத்த மாதிரிக் கையெழுத்தோடு பொருந்தவேண்டும். மச்சாள் திருமணத்துக்குப் பின் கையெழுத்தை மாற்றியிருந்ததால், முதலில் வங்கிக்குப் போய் மாதிரியைப் புதுப்பித்தோம். இருவரும் சேர்ந்து இயக்கும் கூட்டுக் கணக்கானால் இருவரும் கையெழுத்திடவேண்டும்.

திருத்தங்களை வெட்டி எழுதாமல் புதிய படிவம் கேட்டு வாங்கி நிரப்பினோம். நிறைவான படிவத்தைப் புகைப்படம் எடுத்து வைத்தோம். மார்ச் 10ஆம் திகதிக்குப் பின் வங்கிப் புத்தகத்தைப் பதிந்து பார்த்தபோது, 24,750 ரூபா ஒரே ஒரு தடவை கழிந்திருந்தது.