டாமினன்ஸ் விழுந்துவிட்டது என்று ஆல்ட்காயினுக்கு ஓடுவதற்கு முன்

டெலிகிராம் குழுவில் ஒரு படம் வந்து விழும். சிவப்புக் கோடு ஒன்று கீழ்நோக்கி வளைந்திருக்கும், பக்கத்தில் பிட்காயின் டாமினன்ஸைக் குறிக்கும் BTC.D என்று எழுதியிருக்கும், அதற்குக் கீழே யாராவது ஒருவர் "டாமினன்ஸ் உடைஞ்சிருச்சு ப்ரோ, ஆல்ட் சீசன் ஸ்டார்ட்" என்று போட்டிருப்பார். ஆல்ட்காயின் என்றால் பிட்காயின் அல்லாத மற்ற காயின்கள், ஆல்ட் சீசன் என்றால் அவை பிட்காயினைவிட வேகமாக ஏறும் காலம். அடுத்த பத்து நிமிடத்தில் வேலைக்குப் போகும் எம்ஆர்டியிலேயே நாலு பேர் பிட்காயினை விற்றுவிட்டுப் பெயர் சரியாக உச்சரிக்க வராத ஏதோ ஒரு காயினை வாங்கியிருப்பார்கள். அந்தக் கோடு உண்மையில் எதைக் காட்டுகிறது என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "பணம் பிட்காயினிலிருந்து வெளியே போய் ஆல்ட்டுக்குள்ள வருது." இந்தப் பதிலில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது.

டாமினன்ஸ் என்பது வெறும் வகுத்தல் கணக்கு. பிட்காயினின் சந்தை மதிப்பை, எல்லா காயின்களின் மொத்தச் சந்தை மதிப்பால் வகுத்தால் வரும் சதவீதம். சந்தை மதிப்பு என்பது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலையைப் புழக்கத்தில் உள்ள காயின்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைப்பது. இந்தக் கணக்கில் எங்குமே 'உள்ளே வந்த பணம்' என்று ஒன்று கிடையாது.

ஒரு சின்ன காயினை எடுத்துக்கொள்வோம். புழக்கத்தில் 100 மில்லியன் காயின்கள், விலை ஒரு வெள்ளி, ஆக மதிப்பு 100 மில்லியன் வெள்ளி. விற்க நிற்பவர்கள் குறைவு. ஒருவர் வந்து 300,000 வெள்ளிக்கு வாங்குகிறார், ஆர்டர் புக்கில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனதில் விலை 1.20-க்கு ஏறிவிடுகிறது. இப்போது மதிப்பு 120 மில்லியன். கைமாறியது 300,000 வெள்ளி, கூடியதாகத் திரையில் தெரிவது 20 மில்லியன். அந்த 300,000 வெள்ளிகூட காயினுக்குள் உட்காரவில்லை, விற்றவர் பைக்குப் போய்விட்டது. நூற்றுக்கணக்கான காயின்களில் இப்படி நடந்தால் டாமினன்ஸ் கோடு இறங்கும், பிட்காயினை யாரும் விற்காமலேயே.

இதன் மறுபக்கத்தை நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் கிட்டத்திலிருந்தே பார்த்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் பதிவான டெராஃபார்ம் லேப்ஸ் நிறுவனத்தின் லூனா என்ற காயின், 2022 ஏப்ரலில் கிட்டத்தட்ட 119 அமெரிக்க டாலரைத் தொட்டது, மே மாதத்தில் சில நாள்களிலேயே ஒன்றுமில்லாமல் போனது. பல பில்லியன் டாலர் 'எங்கே போச்சு, எந்த காயினுக்குப் போச்சு' என்று கேட்டவர்கள் உண்டு. சீக்கிரம் விற்றவர்களுக்குக் கொஞ்சம் கிடைத்தது, மிச்சம் எந்தக் காயினுக்கும் போகவில்லை. அது பெருக்கல் கணக்கில் மட்டும் இருந்த தொகை.

இதைவிட நுணுக்கமான தவறு ஒன்று இருக்கிறது, பல வருடம் சார்ட் பார்ப்பவர்களே தடுக்கி விழுவது இங்கேதான். வகுக்கும் எண்ணில், அதாவது மொத்த மதிப்பில், யுஎஸ்டிடி, யுஎஸ்டிசி மாதிரி ஸ்டேபிள்காயின்களும் சேர்ந்திருக்கின்றன. அவற்றின் விலை ஒரு டாலரிலேயே நிற்கும். சந்தை சரியும்போது மற்றதெல்லாம் சுருங்க, இவை சுருங்காது. விளைவு என்ன என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

மொத்தச் சந்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிட்காயின் 60, ஆல்ட்காயின்கள் 30, ஸ்டேபிள்காயின்கள் 10. டாமினன்ஸ் 60 சதவீதம். ஒரு மோசமான வாரம் வருகிறது. பிட்காயின் 20 சதவீதம் விழுந்து 48 ஆகிறது. ஆல்ட்காயின்கள் அதைவிட மோசம், 25 சதவீதம் விழுந்து 22.5 ஆகின்றன. ஸ்டேபிள்காயின் அதே 10. இப்போது மொத்தம் 80.5, டாமினன்ஸ் 59.6. அதாவது ஆல்ட்காயின்கள் பிட்காயினைவிட அதிகமாக அடிவாங்கிய அதே வாரத்தில், டாமினன்ஸ் இறங்கியிருக்கிறது! குழுவில் அந்தப் படத்தைப் போட்டவர் பொய் சொல்லவில்லை, கோடு இறங்கியது உண்மைதான், ஆனால் அது சொல்வதாக அவர் நினைத்த கதைக்கு நேர் எதிரானதுதான் நடந்திருக்கிறது.

ஸ்டேபிள்காயினைக் கழித்துவிட்டு அதே கணக்கைப் பாருங்கள். முன்பு 90-இல் 60, அதாவது 66.7. இப்போது 70.5-இல் 48, அதாவது 68.1. பிட்காயினின் பங்கு ஏறியிருக்கிறது.

இது கற்பனைக் கணக்கு மட்டும் இல்லை. 2022 முழுவதும் பிட்காயின் சுமார் 46,000 அமெரிக்க டாலரிலிருந்து 16,500 வரை இறங்கியது, ஆனால் டாமினன்ஸ் வருடத் தொடக்கத்திலும் முடிவிலும் ஏறக்குறைய 40-ஐ ஒட்டியே இருந்தது. 'ஆல்ட்டெல்லாம் நல்லாத் தாங்கி நிக்குது பாருங்க' என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. மொத்தச் சந்தை பாதிக்கும் கீழே சுருங்கியபோது ஸ்டேபிள்காயின்கள் அந்த அளவுக்குச் சுருங்கவில்லை என்பதால் அவற்றின் பங்கு இரண்டு மடங்குக்கும் மேலானது. அவற்றைக் கழித்துப் பார்த்தால் அந்த வருடம் ஜெயித்தது பிட்காயின்தான், அல்லது குறைவாகத் தோற்றது என்று சொல்லலாம்.

டிரேடிங்வியூவில் இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். தேடும் பெட்டியில் காயின் பெயருக்குப் பதிலாக இதைத் தட்டுங்கள்:

```
CRYPTOCAP:BTC/(CRYPTOCAP:TOTAL-CRYPTOCAP:USDT-CRYPTOCAP:USDC)
```

எல்லா ஸ்டேபிள்காயினும் இதில் கழியாது, பெரிய இரண்டு கழியும், நம் தேவைக்கு அது போதும். இந்தக் கோட்டையும் BTC.D-ஐயும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து இறங்கினால் ஏதோ நடக்கிறது. ஒன்று இறங்கி மற்றது ஏறினால், நடப்பது ஸ்டேபிள்காயின் செய்யும் கண்கட்டு.

சரி, இரண்டுமே இறங்குகின்றன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பிட்காயின் விலை என்ன செய்கிறது என்று பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. 2017-இன் தொடக்கத்தில் 85 சதவீதத்துக்கு மேல் இருந்த டாமினன்ஸ், 2018 ஜனவரியில் 40-க்கும் கீழே போனது. அதே காலத்தில் பிட்காயின் ஆயிரம் டாலரை ஒட்டிய விலையிலிருந்து டிசம்பரில் கிட்டத்தட்ட 20,000 வரை ஏறியது. பிட்காயினை விட்டு எல்லாரும் ஓடிய வருடமா அது? இரண்டுமே ஏறின, ஆல்ட்காயின்கள் இன்னும் வேகமாக ஏறின, போதாததற்கு ஐசிஓ என்ற பெயரில் புதுப்புதுக் காயின்கள் வந்து வகுக்கும் எண்ணில் சேர்ந்துகொண்டே இருந்தன. 2021-இலும் இதே கதைதான்: ஜனவரியில் 70-ஐ ஒட்டி இருந்த டாமினன்ஸ் மே மாதத்தில் 40-க்குப் பக்கத்தில் வந்தது, இடையில் ஏப்ரலில் பிட்காயின் 64,000-ஐத் தொட்டு அதுவரை காணாத உச்சத்துக்குப் போயிருந்தது. ஆல்ட் சீசன் என்று மக்கள் ஏக்கத்தோடு நினைவுகூரும் அந்த இரண்டு காலங்களிலும் பிட்காயின் ஏறிக்கொண்டோ, உச்சத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டோ இருந்தது. பிட்காயின் விழும்போது இறங்கும் டாமினன்ஸும் இதுவும் ஒரே கோடாகத் தெரியலாம், சங்கதி வேறு.

அப்புறம் அந்த 'ஆல்ட்காயின் சீசன் இன்டெக்ஸ்'. 75-ஐத் தாண்டினால் சீசன் வந்துவிட்டதாகக் கொண்டாடுகிறார்கள். அதன் விதி எளிமையானது: ஸ்டேபிள்காயின் மாதிரியானவற்றை நீக்கிவிட்டு, முன்னணியில் உள்ள 50 காயின்களில் (சில தளங்களில் 100) எத்தனை சதவீதம் கடந்த 90 நாளில் பிட்காயினை முந்தின என்று எண்ணுகிறது. அந்த 'கடந்த' என்ற சொல்லைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஒரு காயின் முதல் 30 நாளில் 100-லிருந்து 180-க்கு ஏறி, அடுத்த 60 நாளில் 140-க்கு இறங்கிவிட்டது. பிட்காயின் அதே காலத்தில் 100, 110, 120 என்று மெதுவாக ஏறியது. 90-ஆம் நாள் இன்டெக்ஸைக் கேட்டால் அந்தக் காயின் பிட்காயினை முந்திவிட்டது, 40-க்கு 20. ஆனால் 30-ஆம் நாள் உள்ளே போனவரைக் கேளுங்கள், அவருக்கு 22 சதவீத நட்டம், சும்மா பிட்காயினை வைத்திருந்தவருக்கோ 9 சதவீத லாபம். இன்டெக்ஸ் 75-ஐத் தொடும் நாளில் பல காயின்கள் ஏற்கெனவே ஏறி முடித்து இறங்கத் தொடங்கியிருக்கும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது: இன்றைய முதல் 50-இல் இருப்பவற்றில் பல, ஏறியதால்தான் அந்தப் பட்டியலுக்குள்ளேயே வந்தன, விழுந்தவை வெளியே போய்விட்டன, அவற்றை யார் எண்ணுவது?

'முதலில் பிட்காயின், அப்புறம் ஈத்தர், அப்புறம் பெரிய ஆல்ட், கடைசியில் மீம் காயின்' என்று அம்புக்குறி போட்ட படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021-இல் ஓரளவு அப்படி நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் 2024 ஜனவரியில் அமெரிக்காவில் பிட்காயினையே வாங்கி வைத்துப் பங்குச் சந்தையில் விற்கப்படும் ஸ்பாட் பிட்காயின் இடிஎஃப் நிதிகளுக்கு அனுமதி கிடைத்த பிறகு, பெரும் தொகை பங்குச் சந்தைக் கணக்குகள் வழியாகவே பிட்காயினை வாங்குகிறது. ஓய்வூதியக் கணக்கில் இடிஎஃப் வைத்திருக்கும் ஓர் அமெரிக்கர், லாபம் வந்ததும் அதை விற்று, வங்கிக்குக் கொண்டுவந்து, கிரிப்டோ தளத்துக்கு அனுப்பி, மீம் காயின் வாங்கப் போகிறாரா? சிலர் செய்யலாம். பழைய அம்புக்குறி அதே வேகத்தில் ஓடும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

கடைசியாக, மாற்றும் செலவு. பிட்காயினுக்கும் ஆல்ட்டுக்கும் இடையில் மாறுவது ஏதோ பட்டனைத் தட்டுகிற வேலை மாதிரி பேசுகிறார்கள். இங்கே உரிமம் பெற்ற தளத்தில் பிட்காயினை வெள்ளிக்கு விற்று, அந்த வெள்ளியில் ஆல்ட் வாங்கி, பிறகு அதே வழியில் திரும்பி வந்தால் நான்கு வியாபாரம். கட்டணமும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம் என்று வைத்தால், 10,000 வெள்ளியில் கிட்டத்தட்ட 390 வெள்ளி போய்விடும். அந்த ஆல்ட் பிட்காயினைவிட 4 சதவீதத்துக்கும் சற்று அதிகமாக ஏறினால்தான் நீங்கள் தொடங்கிய இடத்துக்கே வருவீர்கள், அதுவும் பிட்காயின் கணக்கில். சின்ன காயின்களில் அந்த இடைவெளி இதைவிடப் பெரிதாக இருக்கும். ஆகவே மாறுவதற்கு முன் அந்தக் காயினை வெள்ளியில் பார்க்காமல் பிட்காயின் விலையில் பாருங்கள். ஈத்தர் என்றால் ETHBTC என்று தட்டினால் வரும். சிங்கப்பூரில் மூலதன ஆதாயத்துக்கு வரி கிடையாது என்பதால் எத்தனை முறை மாறினாலும் பரவாயில்லை என்றும் சிலர் சொல்வார்கள். நீண்ட கால முதலீட்டுக்கு அது சரி, ஆனால் வாரத்துக்கு நாலு முறை மாறி மாறி விற்று வாங்கினால் அதை வியாபார வருமானமாக உள்நாட்டு வருவாய் ஆணையம் பார்க்க இடமிருக்கிறது.