சிஜிபிஏவை 9.5 ஆல் பெருக்காதீர்கள்: வெளிநாட்டுக்குப் புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு

பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் டிரான்ஸ்கிரிப்ட், தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தின் கன்வர்ஷன் சர்டிபிகேட், இரண்டிலும் கூடுதல் பிரதிகள். இவை தேவை என்று ஊரிலேயே எல்லாரும் சொல்லியிருப்பார்கள். அவற்றில் இருக்கும் எண் சரியா என்று பார்க்கத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை.

என் டிரான்ஸ்கிரிப்டில் சிஜிபிஏ 7.64. விண்ணப்பத்தில் சதவீதம் கேட்டார்கள். 9.5 ஆல் பெருக்கி 72.58 என்று எழுதினேன். சேர்வதற்குக் குறைந்தது 70 வேண்டும். சேர்க்கை கிடைத்தது, விமானம் ஏறினேன். வந்த மூன்றாவது வாரம் சரிபார்ப்புப் பிரிவிலிருந்து கடிதம்: உங்கள் பல்கலைக்கழக விதிப்படி 68.9 சதவீதம்தான், வித்தியாசத்தை விளக்கவும். ஒரு மனிதன் வேண்டுமென்றே கூட்டி எழுதியதுபோல அந்தக் கடிதம் இருந்தது. அன்று இரவு அம்மாவிடம் போனில் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

அந்த 9.5 எங்கிருந்து வந்தது தெரியுமா? சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பிலிருந்து. அங்கே முன்பு 91 முதல் 100 வரை வாங்கியவர்களுக்குப் புள்ளி 10 கொடுத்தார்கள். அந்த வரம்பில் இருந்தவர்களின் சராசரி சுமார் 95 என்பதால், ஒரு புள்ளிக்கு 9.5 என்று வைத்தார்கள். அது பள்ளிக்கூடக் கணக்கு, பட்டப்படிப்புக்குப் பொருந்தாது. சில பல்கலைக்கழகங்கள் நேராக 10 ஆல் பெருக்கச் சொல்லும். என்னுடையது ஏஐசிடிஇ அட்டவணையைப் பின்பற்றுகிறது. அதில் 6.75க்கு 60, 7.75க்கு 70. வாய்பாடாக எழுதினால் இப்படி:

```
(CGPA - 0.75) * 10
```

என் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இது அச்சாகியே இருந்தது. நான்கு வருடம் கையில் வைத்திருந்தும் திருப்பிப் பார்க்கவில்லை. நீங்கள் இன்றே திருப்பிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் நீங்கள் சேர்ந்த வருடத்து ரெகுலேஷனில் இருக்கும். உங்கள் ஜூனியரின் ரெகுலேஷன் வேறாக இருக்கலாம்.

சரி, 68.9 என்றால் என் இடம் போய்விட்டது என்றே நினைத்தேன். உடன் தங்கியிருந்த அண்ணன் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து, எட்டு செமஸ்டர் பட்டியலையும் கேட்டார். எக்செலில் ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட்டை B நெடுவரிசையிலும் கிரேடு புள்ளியை C நெடுவரிசையிலும் தட்டச்சு செய்தார். செமஸ்டர் ஜிபிஏக்களைக் கூட்டி எட்டால் வகுத்தால் போதாதா என்று கேட்டேன். போதாது. செமஸ்டருக்கு செமஸ்டர் கிரெடிட் மாறுவதால் அந்தச் சராசரி தவறாக வரும். கிரெடிட்டால் புள்ளியைப் பெருக்கி, கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும்:

```
=SUMPRODUCT(B2:B61,C2:C61)/SUM(B2:B61)
```

மொத்தப் புள்ளி 1253, மொத்தக் கிரெடிட் 160 வந்தது. வகுத்தால் 7.83. டிரான்ஸ்கிரிப்டில் 7.64. இது ரவுண்டிங் வித்தியாசம் இல்லை, ரவுண்டிங்கில் 0.01தான் மாறும். அண்ணன் டிரான்ஸ்கிரிப்டின் கடைசி வரியைக் காட்டினார். மொத்தக் கிரெடிட் 164 என்றிருந்தது. என் பட்டத்துக்கு 160தான். கூடுதல் நான்கு எது? மூன்றாம் செமஸ்டரில் எனக்கு ஒரு நான்கு கிரெடிட் பாடத்தில் அரியர். அடுத்த செமஸ்டரிலேயே எழுதிப் பாஸாகிவிட்டேன். பழைய தோல்வியை நீக்காமல், புள்ளி 0, கிரெடிட் 4 என்று மறுபடியும் சேர்த்திருந்தார்கள். 1253ஐ 164ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 7.64 வரும்.

அரியர் வைத்திருந்த யாரும் முதலில் அந்த மொத்தக் கிரெடிட்டைப் பாருங்கள். தோல்வியையும் கணக்கில் சேர்க்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அதனால் சண்டைக்குப் போகுமுன் ரெகுலேஷனில் அந்த வரியைப் படித்துவிடுங்கள். என்னுடையதில், பாஸான முயற்சி மட்டுமே கணக்கு என்று தெளிவாக இருந்தது. கிரெடிட் இல்லாத கட்டாயப் பாடங்களையும் உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

7.83 என்றால் 70.8. என் இடத்துக்கு அது போதும். ஆனால் திருத்திய தாளை வாங்க ஊரில் அக்கா நான்கு முறை அலைந்தாள். ஒவ்வொரு முறையும் வேறு ஜன்னல். நேர்மையாகப் படித்து வாங்கிய மதிப்பெண்ணுக்கு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வரிசையில் நின்றதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. கிளம்பும் முன் நானே அரை மணி நேரம் உட்கார்ந்து கணக்கு போட்டிருக்கலாம்.

அப்புறம், திருத்திய டிரான்ஸ்கிரிப்டை மட்டும் வாங்கி அனுப்பாதீர்கள். ஒரே மாணவருக்கு இரண்டு எண் இருந்தால் இங்கே போலி என்று சந்தேகப்படுவார்கள். பழையது ரத்து, புதியது இன்ன தேதியில் வழங்கப்பட்டது, காரணம் இது என்று தேர்வுக் கட்டுப்பாட்டாளர் கையெழுத்துடன் ஒரு கடிதம் சேர்த்துக் கேளுங்கள். கன்வர்ஷன் சர்டிபிகேட்டையும் புதிய எண்ணுக்கு மாற்றி வாங்குங்கள். அக்காவின் நான்காவது நடை அதற்குத்தான்.