பாஸ்வேர்டு கேட்கும் ஆன்டிவைரஸ்: நீக்கும்போது செய்யும் தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகம், ஒன்பது கணினிகள். பராமரிப்பு பார்த்தவரை மாற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பழைய ஆன்டிவைரஸின் உரிமம் முடிந்திருந்தது. அதை நீக்கப் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. அது அங்கே யாருக்கும் தெரியாது. புதிய பதிப்பின் நிறுவியை மேலே ஏற்றிப் பார்த்தாலும் அதே கேள்விதான். புது நிறுவி முதலில் பழையதை அகற்ற முயல்வதால், அங்கேயும் அதே பூட்டு குறுக்கே நிற்கிறது.

நான் போவதற்குள் அங்கிருந்த தம்பி ஒருவர் ஒரு கணினியை சேஃப் மோடில் இயக்கி, Program Files ஃபோல்டருக்குள் இருந்த ஆன்டிவைரஸ் ஃபோல்டரையே அழித்திருந்தார். மறுபடி இயக்கியதும் வைஃபை இணைந்தது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. “ஆன்டிவைரஸ் போய்விட்டது சார், நெட்டும் சேர்ந்து போய்விட்டது” என்றார்.

உண்மையில் ஆன்டிவைரஸ் போகவில்லை. அந்த ஃபோல்டரில் இருந்தது பாதிதான். இணையப் போக்குவரத்தையும் கோப்புகளையும் இடைமறிக்கும் டிரைவர்கள் `C:\Windows\System32\drivers` ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தன. விண்டோஸ் தொடங்கும்போது அவை ஏறிக்கொள்கின்றன; ‘இதை அனுமதிக்கலாமா’ என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய சர்வீஸ் அங்கே இல்லை. இதைவிடக் கொடுமை, நீக்கும் நிரலும் அந்த ஃபோல்டரோடு போய்விட்டது. இனி பாஸ்வேர்டு கிடைத்தாலும் அதைத் தட்டச்சு செய்ய இடமில்லை.

இந்தக் கணினியில்தான் பாஸ்வேர்டு எங்கோ ஒளிந்திருக்கிறது என்று நினைத்து ரெஜிஸ்ட்ரியைத் துழாவுகிறவர்கள் அதிகம். அலுவலகங்களுக்கான மென்பொருள்களில் அதைத் தருவது நிர்வாகக் கன்சோல், அதாவது எல்லாக் கணினிகளின் ஆன்டிவைரஸையும் ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் பக்கம். சோஃபோஸில் `Tamper Protection` என்ற பெயரில், ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக இருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக்கில் அதற்குப் பெயர் மெயின்டனன்ஸ் டோக்கன். விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்தவரையும் தடுப்பதுதான் இந்தப் பூட்டின் வேலை. கணினிக்குள் புகுந்த திருடன் முதலில் பிடிப்பது அந்த அதிகாரத்தைத்தானே. ஆகவே தேட வேண்டியது பாஸ்வேர்டை அல்ல, கன்சோல் யார் கையில் இருக்கிறது என்பதை.

எங்கள் விஷயத்தில் அது பழைய பராமரிப்பாளரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அவர் போனை எடுக்கவில்லை. நல்ல வேளையாக உரிமம் அலுவலகத்தின் பெயரிலேயே இருந்தது. பில்லின் நகல், உரிம எண், அலுவலக லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் மூன்றையும் மென்பொருள் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு அனுப்பினோம். நான்கு நாளில் கன்சோலின் நிர்வாகி ஆடிட்டராக மாறினார்.

கன்சோல் கைக்கு வந்ததும் பலர் செய்யும் தவறு, ‘பழைய கணினிதானே’ என்று முதலில் அதைப் பட்டியலிலிருந்து அழிப்பது. பல கன்சோல்களில் பாஸ்வேர்டைக் காட்டும் பக்கமும் அதோடு மறைந்துவிடும். அழித்த கணினிகளின் பாஸ்வேர்டை மீட்க சோஃபோஸ் தனியாக ஓர் அறிக்கை வைத்திருக்கிறது. எல்லா நிறுவனங்களிடமும் அப்படி எதிர்பார்க்கக் கூடாது. வரிசை இதுதான்: கன்சோலில் பூட்டை அணைத்து, அந்த உத்தரவு கணினிக்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். கணினி ஆஃப்லைனில் இருந்தால் அதன் பாஸ்வேர்டைக் குறித்து வந்து கையால் இட வேண்டும். பிறகு செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியல் வழியாக நீக்கி, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பட்டியலிலிருந்து அழிப்பது இத்தனையும் முடிந்த பிறகு.

எட்டுக் கணினிகள் இப்படியே ஒரு பிற்பகலில் முடிந்தன. அந்தத் தம்பியின் கணினிக்கு மட்டும், கன்சோலிலிருந்து அதே பதிப்பின் நிறுவியை பென் டிரைவில் கொண்டுவந்து மேலேயே நிறுவினேன். காணாமல் போன கோப்புகள் திரும்ப வந்தன, நெட்டும் வந்தது. அதன் பிறகே முறையாக நீக்கினேன். நிறுவனங்கள் தரும் தனித் துடைப்புக் கருவியும் உண்டு. ஆனால் சோஃபோஸின் கருவி போன்றவை பூட்டை முதலில் அணைக்கச் சொல்கின்றன, பாஸ்வேர்டுக்கு மாற்று வழி அல்ல.

நீக்கியபின் பவர்ஷெல்லில் இதை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன்:

```
Get-CimInstance -Namespace root/SecurityCenter2 -ClassName AntivirusProduct
```

விண்டோஸ் 10, 11 கணினிகளில் பதிவாகியிருக்கும் ஆன்டிவைரஸ்களின் பெயர்களை இது காட்டும். பழைய பெயர் இன்னும் தெரிந்தால் நீக்கம் அரைகுறை. வேறொன்று காவலில் இருப்பதாக நம்பி விண்டோஸின் சொந்த டிஃபெண்டரும் ஒதுங்கியே இருக்கக்கூடும். அதாவது அந்தக் கணினிக்குக் காவலே இல்லாமல் போகலாம்.

புதுச்சேரியில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கி, பாஸ்வேர்டு கேட்கும் இதே பெட்டியைத் திரையில் கண்டு திகைப்பவர்களும் உண்டு. அந்தப் பாஸ்வேர்டு முந்தைய நிறுவனத்தின் சொத்து. விற்றவரிடம் கேட்டு அவர்கள் தரப்பிலிருந்தே நீக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.