டர்பனில் மனை எல்லையைக் காட்டித் தர சர்வேயரைக் கேட்பது எப்படி?

செட்ஸ்வர்த், டோங்காட் பக்கம் சரிவான மனை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் மண் சரியாமல் இருக்கச் சுவர் எழுப்பப் போகிறார், வேலி எங்கே இருக்கிறதோ அதுதான் எல்லை என்கிறார். நீங்கள் டேப் பிடித்து அளந்தால் வேறு கணக்கு வருகிறது. டேப்பை வேலியிலிருந்து பிடித்தால் வேலியின் தவறும் சேர்ந்தேதான் வரும். செல்பேசி ஜிபிஎஸ்ஸும் உதவாது, அது சில மீட்டர் தள்ளிக் காட்டும்.

எல்லைக்கல்லை மறுபடி நட்டுக் காட்டும் உரிமை, தென்னாப்பிரிக்க ஜியோமேட்டிக்ஸ் கவுன்சிலில் பதிவு செய்த தொழில்முறை நில சர்வேயருக்கு மட்டுமே உண்டு. விலை கேட்கும் முன் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். கட்டட ஒப்பந்தக்காரர் "நானே பார்த்துக் குறித்துத் தருகிறேன்" என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

முதலில் காகிதங்கள்

டைட்டில் டீட் நகல் ஒன்று தேவை. வீட்டுக்கடன் இருந்தால் அசல் வங்கியில் இருக்கும். பரவாயில்லை, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் வாங்கலாம். அதில் எர்ஃப் எனப்படும் மனை எண், பகுதி எண், பொது வரைபடம் அல்லது தனி வரைபடத்தின் எஸ்.ஜி. எண் ஆகியவை இருக்கும். அந்த எஸ்.ஜி. எண்தான் முக்கியம். அதை வைத்தே அதே ஊரிலுள்ள சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தில் வரைபடம் எடுக்கிறார்கள். தெரு முகவரியை மட்டும் கொடுத்தால், எந்த மனை என்று கண்டுபிடிப்பதிலேயே முதல் நாள் போய்விடும்.

பழைய வரைபடத்தில் அளவு அடியில் இருந்தால் நீங்களே மீட்டராக்க வேண்டாம். இந்த நாட்டில் இரண்டு விதமான அடி புழக்கத்தில் இருந்தது. 50 ஆங்கில அடி 15.24 மீட்டர், 50 கேப் அடி 15.74 மீட்டர். அரை மீட்டர் வித்தியாசத்துக்குச் சுவரையே இடிக்க வேண்டி வரும்!

அப்புறம் கடிதம்

நோக்கத்தைச் சொல்லாமல் "என் நிலத்தை அளக்க வேண்டும்" என்று எழுதினால் சர்வேயரால் விலை சொல்ல முடியாது. தொலைந்த எல்லைக்கல்லைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, மனையை இரண்டாகப் பிரிப்பது வேறு வேலை. இரண்டாவதற்கு நகராட்சி அனுமதி, புதிய வரைபடம் என்று நீளும். மாதிரிக்கு ஒன்று (அனுப்பும்போது ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்):

> ஐயா, செட்ஸ்வர்த்தில் எர்ஃப் ___, பகுதி ___ என் பெயரில் உள்ளது. எஸ்.ஜி. எண் ___. பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்கு இடையில் தாங்கு சுவர் கட்டத் திட்டமிட்டிருக்கிறார். அதற்கு முன் வடக்குப் பக்க எல்லையின் இரண்டு மூலைக் கற்களையும் கண்டுபிடித்து, இல்லாவிட்டால் மறுபடி நட்டு, இடையில் கோடு குறித்து, சான்றிதழும் தர வேண்டும். இப்போதுள்ள வேலி அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்றும் வரைந்து காட்டுங்கள். டைட்டில் டீட் நகலும் வேலியின் புகைப்படமும் இணைத்துள்ளேன். சனிக்கிழமை காலை வீட்டில் இருப்பேன். பின்பக்கக் கதவுக்குப் பூட்டு உண்டு, திறந்து வைக்கிறேன். நாயைக் கட்டிவைக்கிறேன். பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொல்லிவிட்டேன், அவர் வளவுக்குள்ளும் நீங்கள் வரலாம். கட்டணத்தை வரியோடு சேர்த்து எழுத்தில் தெரிவியுங்கள்.

கடிதத்தில் உள்ளே வர வழி சொல்லும் பகுதியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கல் பெரும்பாலும் ஓர் இரும்புக் கம்பிதான். மேடாக்கிய மண்ணுக்கு அடியிலோ, காரோடும் கான்கிரீட்டுக்குக் கீழோ புதைந்திருக்கும். அதைத் தேட அடுத்த வளவுக்குள் நுழைய வேண்டி வரலாம், சில சமயம் தெருவில் நாலு வீடு தள்ளியுள்ள கற்களிலிருந்தும் அளந்து வருவார்கள். மூலையில் புதர் மண்டியிருந்தால் முன்கூட்டியே வெட்டுங்கள், ஆனால் கம்பி தட்டுப்பட்டால் பிடுங்க வேண்டாம். எல்லைக்கல்லை வேண்டுமென்றே நகர்த்துவது நில அளவைச் சட்டப்படி குற்றம்.

அளக்கும் நாளில் பக்கத்து வீட்டுக்காரரையும் நிற்கச் சொல்லுங்கள். அவர் கண்ணெதிரே கல் கிடைத்தால் பாதிச் சண்டை அங்கேயே தீரும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு கல்லையும், பக்கத்தில் உள்ள கம்பமோ சுவரோ தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

வேலி உங்கள் மனைக்குள் 40 சென்டிமீட்டர் வந்திருக்கிறது என்று சர்வேயர் காட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வேலை அதோடு சரி. வேலியை எடு என்று உத்தரவிட அவருக்கு அதிகாரமில்லை. அந்த வேலி 30 ஆண்டுக்கு மேல் அங்கேயே நின்று, அடுத்தவர் அந்தத் துண்டைத் தன்னுடையதாகவே வெளிப்படையாக அனுபவித்து வந்திருந்தால், காலாவதிச் சட்டப்படி உரிமை கோர அவருக்கு வாய்ப்பு உண்டு. பழைய வேலியாக இருந்தால் சான்றிதழை எடுத்துக்கொண்டு முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள், கொத்தனாரை அப்புறம் கூப்பிடலாம்.