கட்-ஆஃப் தேதியில் தொலையும் மணிகள்: சம்பளக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பளம் போடும் இடங்களில் மூன்று தேதிகள் உண்டு. சம்பளக் காலம் முடியும் நாள், அட்டென்டன்ஸை மூடும் கட்-ஆஃப் நாள், பணம் கணக்கில் ஏறும் நாள். மாதச் சம்பளம் என்றால் காலம் 1 முதல் 30 வரை, கட்-ஆஃப் 25, பணம் 30 என்று இருக்கும். பதினான்கு நாள் சுழற்சியில் காலம் ஞாயிற்றுக்கிழமை முடிந்து, செவ்வாய் டைம்ஷீட் மூடி, வெள்ளி பணம் வரும். இந்த இடைவெளிகளில்தான் வேலை செய்த மணிகள் தொலைகின்றன, சில சமயம் இரண்டு முறை கணக்கில் ஏறுகின்றன.

அதிகம் நடப்பதும், வெளியே தெரியாமலே போவதும், தாமதமாக ஒப்புதல் ஆன மணிகளை விட்டுவிடுவது. ஒருவர் 18ஆம் தேதி 6 மணி நேரம் கூடுதலாக வேலை செய்கிறார். மேற்பார்வையாளர் அதற்கு 27ஆம் தேதிதான் ஒப்புதல் தருகிறார். இந்த மாத ரிப்போர்ட்டை 25ஆம் தேதியே எடுத்தாயிற்று. அதில் இந்த 6 மணி இல்லை. அடுத்த மாத ரிப்போர்ட்டை எடுப்பவர் '26 முதல் 25 வரை' என்று தேதி கொடுக்கிறார். 18ஆம் தேதி அந்த வரம்புக்குள் வராது. ஆக, அந்த 6 மணி எந்த ரிப்போர்ட்டிலும் வராது. சிஸ்டம் பிழை எதுவும் காட்டாது. இரண்டு ரிப்போர்ட்டுகளும் தனித்தனியாகச் சரியாகவே இருக்கும். வேலை செய்தவர் வந்து கேட்டால்தான் உண்டு.

இதற்குத் தீர்வு, தொடக்கத் தேதி போட்டு வடிகட்டுவதை நிறுத்துவதுதான். ஒவ்வொரு வரியிலும் 'எந்தச் சுழற்சியில் சம்பளம் போனது' என்று ஒரு கட்டம் வைக்க வேண்டும். கட்-ஆஃப் தேதி வரை வேலை செய்த, ஒப்புதல் ஆன, அந்தக் கட்டம் காலியாக உள்ள வரிகள் அனைத்தையும் எடுக்க வேண்டும். வேலை எத்தனை பழையதானாலும் சம்பளம் போகாதவரை அது ஒவ்வொரு முறையும் வந்து நிற்கும். ஒப்புதல் ஆன வரிகள் மட்டும் உள்ள எக்செல் தாளில் A பணியாளர் எண், B வேலை செய்த தேதி, C மணி, D சம்பளம் போன சுழற்சி என்று இருந்தால் இப்படி எழுதலாம்:

```
=SUMIFS(C:C,A:A,"E014",B:B,"<="&DATE(2025,6,25),D:D,"=")
```

சம்பளம் உறுதியானதும் எடுத்த வரிகளின் D கட்டத்தை அன்றே நிரப்பிவிட வேண்டும். அதை மறந்தால் அதே மணிகளுக்கு அடுத்த முறையும் பணம் போகும்.

அடுத்தது, கட்-ஆஃபுக்குப் பின் மீதமுள்ள நாட்களை உத்தேசமாகப் போடுவது. 25ஆம் தேதி மூடிவிட்டு 30 வரை முழுச் சம்பளம் தருவதானால், மீதி நாட்களில் வழக்கம்போல வேலை நடக்கும் என்று வைத்துத்தான் பணம் போகிறது. உத்தேசத்தில் தவறில்லை. அடுத்த மாதம் அதை நிஜத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யும்போதுதான் சறுக்கல் வருகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 200 (நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்), ஓவர்டைம் ஒன்றரை மடங்கு. கட்-ஆஃபுக்குப் பின் 4 வேலை நாட்கள், 32 மணி என்று உத்தேசமாகப் போட்டாயிற்று. நடந்தது என்ன? ஒரு நாள் சம்பளமில்லா விடுப்பு. இன்னொரு நாள் 3 மணி ஓவர்டைம். அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் சம்பள உயர்வு வந்து மணிக்கு 220 ஆகிறது.

சரியான கணக்கில் இரண்டு வரிகள் வேண்டும். விடுப்புக்கு 8 × 200 = 1,600 பிடித்தம். ஓவர்டைமுக்கு 3 × 300 = 900 வரவு. நிகரமாக 700 பிடித்தம். ஆனால் பேரோல் மென்பொருளில் மணியை மட்டும் உள்ளிட்டால், அது இன்றைய விகிதமான 220ஐ எடுத்துக்கொண்டு 770 பிடிக்கும். இன்னும் மோசம், 8இல் 3ஐக் கழித்து '5 மணி குறைவு' என்று ஒரே வரியாகப் போடுவது. அப்போது 1,100 பிடித்தம் ஆகிவிடும். உழைத்தவருக்கு 400 நஷ்டம். சம்பளச் சீட்டில் ஒரே வரியாக இருப்பதால் அவரால் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஆகவே சரிக்கட்டும் ஒவ்வொரு வரியிலும் வேலை செய்த தேதியும் அன்றைய விகிதமும் இருக்க வேண்டும். வகை மாறினால் வரியும் மாற வேண்டும். அரியர் என்று மட்டும் போடாமல் '28ஆம் தேதி ஓவர்டைம், 3 மணி' என்று சீட்டில் அச்சாகும்படி செய்வது உழைத்தவருக்கு நாம் தரவேண்டிய குறைந்தபட்ச விவரம் என்றே சொல்வேன்.

வாரத்துக்கு 40 மணிக்கு மேல் ஓவர்டைம் என்று விதி இருக்கும் இடங்களில், சம்பளக் காலம் வாரத்தின் நடுவில் முடியும்போது இன்னொரு சிக்கல் வரும். திங்கள் முதல் புதன் வரை நாளுக்கு 9 மணி வீதம் 27 மணி பழைய காலத்தில். வியாழன், வெள்ளி 18 மணி புதிய காலத்தில். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே 40ஐத் தாண்டவில்லை. வாரத்துக்கோ 45 மணி ஆகிறது. 5 மணி ஓவர்டைம் காணாமல் போய்விடும். பழைய காலத்தில் 27 மணியைச் சாதாரண விகிதத்தில் தந்துவிட்டு, வாரம் முடியும் புதிய காலத்தில் 13 மணி சாதாரணம், 5 மணி ஓவர்டைம் என்று பிரிப்பதே சரி. பதினான்கு நாள் சுழற்சி ஓவர்டைம் வாரம் தொடங்கும் கிழமையிலேயே தொடங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்ட்டும் இதே ரகம். ஞாயிறு இரவு 10 முதல் திங்கள் காலை 6 வரை 8 மணி. ஷிஃப்ட் தொடங்கிய நாளிலேயே முழுவதையும் சேர்க்கலாம், அல்லது நள்ளிரவில் 2 மணி, 6 மணி என்று வெட்டலாம். சட்டமும் ஒப்பந்தமும் எதைச் சொல்கின்றனவோ அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அட்டென்டன்ஸ் இயந்திரம் ஒரு விதியிலும் பேரோல் இன்னொரு விதியிலும் ஓடினால்தான் வம்பு. பழைய காலத்தில் 8 மணி, புதிய காலத்தில் மறுபடி 6 மணி என்று ஏறினால் காரணம் இதுதான்.

தொலைந்த மணிகளையும் இரண்டு முறை ஏறிய மணிகளையும் பிடிக்க ஒரு சரிபார்ப்பு போதும். ஆள்வாரியாகச் செய்ய வேண்டும். முந்தைய சுழற்சியில் பாக்கி நின்ற மணியோடு இந்தச் சுழற்சியில் வேலை செய்த மணியைக் கூட்டி, சம்பளம் போன மணியைக் கழித்தால் வருவது இப்போதைய பாக்கி. உத்தேசமாக முன்கூட்டியே தந்திருந்தால் அது எதிர்மறையாக வரும். அந்த எண்ணுக்கு நேராக எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட் என்று காட்ட முடிய வேண்டும். மொத்த நிறுவனத்துக்கும் ஒரே தொகையாகப் பார்த்தால், ஒருவருக்குக் குறைந்ததும் இன்னொருவருக்குக் கூடியதும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

கட்-ஆஃபுக்குப் பின் வேலைக்குச் சேர்ந்தவரின் நாட்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளினாலும், அவற்றை அன்றே பாக்கிப் பட்டியலில் எழுதிவிட வேண்டும். வேலையை விட்டுப் போகிறவருக்கு உத்தேசக் கணக்கே கூடாது. அவருக்குச் சரிக்கட்ட அடுத்த சுழற்சி கிடையாது. கடைசி நாள் வரையிலான அட்டென்டன்ஸை வாங்கி, ஒப்புதல் நிலுவையில் உள்ள பழைய வரிகளையும் முடித்து, பாக்கி சுழியம் ஆனபின்தான் இறுதிக் கணக்கை மூட வேண்டும்.