புகையிரதக் கணக்கு: விடையை ஒரு கழித்தலில் சரிபாருங்கள்

புகையிரதம் மேடையைக் கடக்கும் கணக்கில் நேரம் கண்டதும், அதை வேகத்தால் பெருக்கி, மேடையின் நீளத்தைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் புகையிரதத்தின் நீளமாக வந்தால் விடை சரி. பூச்சியம் வந்தால் அந்த நீளத்தைக் கூட்ட மறந்துவிட்டீர்கள்.

மாங்குளத்தில் நிற்காமல் போகும் கடுகதி ஒன்றை எடுப்போம். நீளம் 180 மீற்றர், வேகம் மணிக்கு 54 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 15 மீற்றர். மேடை 240 மீற்றர் என்று வைப்போம். 240 ஐ மட்டும் 15 ஆல் வகுத்தால் 16 செக்கன். ஆனால் அப்போது இயந்திரத்தின் மூக்குத்தான் மேடையின் மறுமுனையைத் தொடும், பெட்டிகள் எல்லாம் இன்னும் மேடையோரம்தான். கடைசிப் பெட்டியும் வெளியேற இன்னும் 180 மீற்றர் ஓட வேண்டும். 420 ஐ 15 ஆல் வகுத்தால் 28 செக்கன். இப்போது சோதியுங்கள்: 28 × 15 − 240 = 180. சரி.

கம்பத்தையோ நிற்கும் ஆளையோ கடந்தால் புகையிரதத்தின் நீளம் மட்டும் போதும்; அங்கே கழிக்க எதுவும் இல்லை. புகையிரதம் நிலையத்தில் நிற்க வேகம் குறைத்தால் இந்தச் சோதனை பொருந்தாது. ‘முழுவதும் மேடைக்குள் இருக்கும் நேரம்’ என்று கேட்டால் கூட்டாமல் கழிக்க வேண்டும்: 60 மீற்றர், 4 செக்கன்.