அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இ-ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடுவது எப்படி?

மூன்றாவது மாடியில் வீடு, தரைத்தளத்தில் பார்க்கிங், அங்கே தூணில் ஒரு பிளக் பாயிண்ட். வண்டி வாங்கியதும் எல்லோருக்கும் அதில்தான் கண் போகும். சார்ஜரைச் செருகுவதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன.

1. அந்த பாயிண்ட் யார் மீட்டரில் ஓடுகிறது?

உங்கள் மீட்டரை அடுத்து இருக்கும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கீழே அந்த பாயிண்டில் ஒரு செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அப்போதும் கரண்ட் வந்தால் அது உங்கள் மீட்டர் இல்லை. பெரும்பாலும் மோட்டாரும் மாடிப்படி விளக்கும் ஓடுகிற காமன் சர்வீஸ் மீட்டராக இருக்கும். உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. மீட்டர் முகப்பில் 3200 imp/kWh என்பது போல ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு அதன் சிவப்பு விளக்கு 3200 தடவை மின்னும் என்று அர்த்தம். 750 வாட் சார்ஜரைப் போட்டால், அந்த மீட்டரில் நிமிடத்துக்குச் சுமார் 40 மின்னல் கூடும்.

செலவைக் கணக்குப் போடலாம். 3 கிலோவாட்-மணி பேட்டரி முழுக்க நிரம்ப, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து ஏறக்குறைய 3.4 யூனிட் ஆகும். மாதம் 12 தடவை என்றால் 41 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 370 ரூபாய் வரும். தொகை சின்னதுதான். ஆனால் வண்டியே இல்லாத வீட்டுக்காரர் அதில் பங்கு கட்டுகிறார் என்று தெரிந்தால் அடுத்த சங்கக் கூட்டம் சூடாகிவிடும். "மாதம் முந்நூறு கொடுத்துடறேன்" என்ற வாய்ப்பேச்சும் நிலைக்காது. இரண்டாவது வண்டி வந்ததும் யார் எவ்வளவு என்ற கேள்வி எழும். காமன் லைனைத்தான் எடுக்க வேண்டும் என்றால், பாயிண்டுக்கு முன்னால் ஒரு சப்-மீட்டர் போட்டு, ரீடிங் எடுக்கும் தேதியையும் விலையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. முடிந்தால் சொந்த மீட்டரிலிருந்தே லைன்

மூன்றாவது மாடியிலிருந்து ஒயர் இழுக்க வேண்டுமே என்று பலர் தயங்குகிறார்கள். நம் ஊரில் பெரும்பாலான அடுக்ககங்களில் எல்லா வீட்டு மீட்டர்களும் தரைத்தளத்தில் ஒரே பேனலில்தான் இருக்கின்றன. அங்கே உங்கள் மீட்டருக்கு அடுத்து வரும் மெயின் சுவிட்சிலிருந்து தனி லைன் எடுத்தால் போதும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், லோடு மீறினால் லைனைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்சிபி, கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, 16 ஆம்பியர் சாக்கெட், இவ்வளவுதான் சாமான். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யட்டும். மின்வாரிய சீல் இருக்கும் பகுதியில் யாரும் கை வைக்கக் கூடாது. மழையில் தண்ணீர் ஏறுகிற பார்க்கிங்காக இருந்தால், சாக்கெட்டை நெஞ்சு உயரத்துக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள்.

3. எர்த் உண்மையில் இருக்கிறதா?

சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நம்ப முடியாது. பின்னால் பச்சை ஒயரே இல்லாத சாக்கெட்டுகள் ஏராளம். எர்த் இல்லையென்றால் சில சார்ஜர்கள் பிழை காட்டி நின்றுவிடும். வேறு சில சத்தமில்லாமல் ஓடும், வண்டியின் இரும்பைத் தொட்டால் லேசாகச் சுரீரென்று இருக்கும். அப்படி இருந்தால் உடனே சுவிட்சை அணையுங்கள்.

மல்டிமீட்டரில் அளக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், எண்களை மட்டும் நீங்கள் பாருங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே, சார்ஜர் ஓடும்போது ஓரிரு வோல்ட் இருப்பது இயல்பு. லோடு இருந்தும் சுத்தமாகப் பூஜ்யம் என்றால் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து 'எர்த்' கொடுத்திருக்கலாம். இது எர்த் இல்லாததைவிட மோசம். நியூட்ரல் எங்காவது அறுந்தால், வண்டியின் உடம்பிலேயே 230 வோல்ட் ஏறிவிடும். நல்ல எர்த் குழிகூட கோடையில் காய்ந்தால் பலம் குறையும். அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வாட்ச்மேனிடம் சொல்லி வையுங்கள்.

4. எக்ஸ்டென்ஷன் போர்டு

750 வாட் என்றால் மூன்றேகால் ஆம்பியர்தானே, 6 ஆம்பியர் போர்டு தாங்காதா என்று கேட்பார்கள். கணக்குப்படி தாங்க வேண்டும். ஆனால் மிக்ஸி ஓடுவது ஐந்து நிமிடம், சார்ஜர் ஓடுவது நாலைந்து மணி நேரம். மலிவான போர்டில் ஒயர் மெல்லிசு, எல்லா பின்னும் நுழையும் சாக்கெட்டில் பிடிப்பு தளர்வு. சூடு முதலில் ஏறுவது அந்தத் தளர்ந்த இடத்தில்தான். டூ-பின் அடாப்டர் போட்டால் எர்த்தும் போய்விடும்.

நிரந்தர பாயிண்ட் வரும்வரை வேறு வழியில்லை என்றால், 16 ஆம்பியர் போர்டு, 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத மூன்று கோர் ஒயர், முடிந்த அளவு குட்டை நீளம். ஒயரை முழுக்க விரித்துவிடுங்கள்; சுருட்டி வைத்தால் சூடு வெளியேறாது. அதில் இன்னொரு போர்டைச் செருகாதீர்கள். அரை மணி கழித்துச் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பின்னைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு, பிளாஸ்டிக்கில் பழுப்பு, மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம், இதில் எது இருந்தாலும் அந்தப் போர்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிளக்கும் கருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த சாக்கெட்டில் செருகுங்கள்.